படத்தில் பழ ரகம் சொல்கிறவர்கள் தவறுகிற இடங்கள்

திருவையாற்றுப் பக்கம் வாழை பயிரிடுகிறேன். சந்தையிலோ தோட்டத்திலோ பார்த்த பழத்தைப் படம் எடுத்து அனுப்பி, "இது என்ன ரகம்?" என்று கேட்பவர்கள் இப்போது நிறைய. பதில் சொல்லும் புதியவர்களும் நிறைய. நான் முன்பு சறுக்கிய அதே இடத்தில் அவர்களும் சறுக்குவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பழுத்த நிறத்தை நம்பி வாழைக்குப் பெயர் வைப்பது

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் ஒரு சீப்பின் படம் அனுப்பினார். "அண்ணே, இது பூவன்தானே? இந்தத் தோட்டத்துக் கன்று மலிவாகக் கிடைக்குது" என்றார். மஞ்சளாக, நடுத்தர அளவில் பழங்கள் தெரிந்தன. சீப்பின் நடுப்பகுதிதான் படத்தில் இருந்தது. காம்பும் இல்லை, நுனியும் இல்லை. "பூவன்தான் தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு ஏக்கருக்குக் கன்று இறக்கினார்.

அது ரஸ்தாளி. அவருடைய வயலில் முன்பே பனாமா வாடல் வந்திருந்தது. அதைத் தாங்குகிற பயிர் வேண்டும் என்றுதான் அவர் பூவனைத் தேடினார். பூவன் அந்த வாடலை நன்றாகத் தாங்கும், ரஸ்தாளி தாங்காது. நோய்க் கிருமி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். சில மாதங்களில் அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து, தண்டைச் சுற்றிப் பாவாடை போலத் தொங்கின. அடித்தண்டு வெடித்தது. வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்பழுப்புக் கோடுகள். பெரும்பகுதி தார் போடாமலே போயிற்று. இன்றைக்கும் அந்தப் படத்தை நினைத்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் இன்னொரு படம் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

எதைக் கேட்டிருக்க வேண்டும்? முதலில் நுனி. பூவன் காயின் நுனி கூம்பி, தெளிவான மூக்கோடு முடியும். ரஸ்தாளி உருண்டு திரண்டிருக்கும், மூக்கு அவ்வளவு எடுப்பாக இருக்காது. அடுத்து, சீப்பு நிற்கிற விதம். பூவனில் காய்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், பழுத்தாலும் எளிதில் உதிராது. ரஸ்தாளி நன்றாகப் பழுத்தால் காம்பு விட்டுப் பழம் சீப்பிலிருந்து கழன்று விழும், மெல்லிய தோல் வெடிக்கவும் செய்யும். பழுத்த சீப்பில் ஓரிரண்டு இடம் காலியாக இருந்தால், காம்பு கிழிந்த தடம் தெரிந்தால், எனக்கு ரஸ்தாளிச் சந்தேகம் வந்துவிடும்.

இவ்வளவும் பார்த்தாலும், கன்று வாங்குவதற்குப் பழப்படம் மட்டும் போதாது. அந்த மரத்தின் இலையையும் கேளுங்கள். பூவனின் இளம் இலையில் நடுநரம்பின் வெளிப்பக்கம் ரோஜா நிறம் ஓடும். ரஸ்தாளியில் இலைக்காம்பின் ஓரம் சிவந்திருக்கும், மஞ்சள் கலந்த பச்சைத் தண்டில் பழுப்புத் திட்டுகள் கிடக்கும். "சிவப்பு இருக்கிறதா" என்று மட்டும் கேட்டால் இரண்டுக்கும் ஆமாம் என்றுதான் பதில் வரும். எங்கே சிவப்பு என்று கேட்க வேண்டும்.

சாம்பல் பூச்சைக் கண்டதும் மொந்தன் என்பது

கற்பூரவள்ளி வாழைக் காயிலும் சாம்பல் பூசியதுபோல மெழுகு படியும். காய் பெரிதாக, விளிம்பு எடுத்து, சீப்புகள் குறைவாக இருந்தால்தான் மொந்தன். அளவு தெரிய, பக்கத்தில் ஒரு நாணயம் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

மாம்பழத்தை ஒரே பக்கத்தில் பார்ப்பது

மாம்பழத்துக்குத் தட்டையான பக்கத்திலிருந்து ஒரு படம், காம்பு மேலிருந்து ஒரு படம் வேண்டும். தட்டைப் பக்கத்தில்தான் தோளின் ஏற்ற இறக்கமும் கீழே மூக்கும் தெரியும். கிளிமூக்கை யாரும் தவறவிட மாட்டார்கள், மற்றவற்றுக்குத்தான் இது தேவை. அப்புறம், திருச்சிப் பக்கத்து இமாம் பசந்த் பழுத்தும் பச்சையாகவே இருக்கும். பச்சை என்றதும் காய் என்று எழுதிவிடாதீர்கள்.

சாத்துக்குடி எல்லாம் ஒன்றல்ல

காம்புக்கு எதிர்முனையைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அங்கே வட்டமான வளையமும், தோலில் நீளவாக்கில் வரிகளும் இருந்தால் மொசாம்பி. தோல் வழவழப்பாக இருந்தால் சாத்துக்குடி. கடைக்காரர் இரண்டையும் ஒரே பெயரில்தான் விற்பார்.

நார்த்தங்காயைப் பெயரால் மட்டும் சொல்வது

ஊருக்கு ஊர் பெயர் மாறும். தோலின் தடிமன் தெரிய, குறுக்கே வெட்டிய படம் கேளுங்கள்.