தாராளமாக மதிப்பெண் போடும் துரை யார், கஞ்சத்தனமாகப் போடுபவர் யார்: கலிபரேஷன் கூட்டத்துக்கு முன் எக்செல்லில் பார்க்கும் முறை

தோட்டங்களின் ஸ்டாஃப் மதிப்பீட்டுப் படிவங்கள் எல்லாம் பிராந்திய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன, மதிப்பீட்டாளர்களின் மதிப்பெண்களைச் சமப்படுத்தும் கலிபரேஷன் கூட்டம் அடுத்த கிழமை என்று வைத்துக்கொள்வோம். 9 மதிப்பீட்டாளர்கள், 120 ஸ்டாஃப், 1 முதல் 5 வரை மதிப்பெண். இவை விளக்கத்துக்காக அமைத்த எண்கள். எக்செல் ஓரளவு தெரியும் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

1. எந்த மதிப்பெண்ணை எடுப்பது

ஒரு படிவத்தில் சின்ன துரை போட்டது, பெரிய துரை திருத்தியது, தலைமை அலுவலகம் முடிவாக்கியது என்று மூன்று மதிப்பெண்கள் இருக்கலாம். நமக்கு வேண்டியது முதலாவது மட்டும்தான். முடிவு மதிப்பெண்ணை எடுத்தால், ஏற்கெனவே சமப்படுத்தியதை மறுபடி அளப்பதாகிவிடும். வித்தியாசமே தெரியாது.

மதிப்பிட்டவர் யார் என்பதையும் படிவத்திலுள்ள கையொப்பத்தைப் பார்த்தே பதியுங்கள். எச்.ஆர். கோப்பில் இருப்பது இன்றைய மேலதிகாரியின் பெயர். ஏப்ரலில் பண்டாரவளைப் பக்கம் மாற்றலாகிப் போனவர் போட்ட மதிப்பெண்கள், அவர் இடத்துக்கு வந்தவரின் தலையில் விழும். பெயர்களும் நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும் என்பதால் ஒவ்வொருவருக்கும் R1, R2 என்று குறியீடு கொடுத்துவிடுவது நல்லது.

ஆளை அடையாளம் காண இ.பி.எஃப். இலக்கம் மட்டும் போதாது. அது தொழில்தருநரின் பதிவுக்குக் கீழ் வழங்கப்படும் அங்கத்துவ இலக்கம். தோட்டங்கள் தனித்தனியாகப் பதிவாகியிருந்தால் 112 என்ற இலக்கம் இரண்டு தோட்டங்களிலும் இருக்கலாம். தோட்டக் குறியீட்டையும் முன்னால் சேர்த்து A பத்தியில் போடுங்கள். B பத்தியில் மதிப்பிட்டவர், C-யில் முதல் மதிப்பெண், D-யில் மதிப்பிடப்பட்டவர் அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவரா அல்லது பதவியுயர்வு பெற்றவரா என்பது. தாளின் பெயர் Data.

பிரசவ விடுமுறையில் இருந்ததால் மதிப்பிடப்படாதவருக்கு 0 போடாமல் கட்டத்தை வெறுமையாக விடுங்கள்.

2. பரம்பலை எண்ணுவது

இன்னொரு தாளில் A2 முதல் A10 வரை குறியீடுகள், B1 முதல் F1 வரை 1, 2, 3, 4, 5. B2-வில் இதைப் போட்டு F10 வரை இழுங்கள்:

```
=COUNTIFS(Data!$B:$B,$A2,Data!$C:$C,B$1)
```

G பத்தியில் 4-உம் அதற்கு மேலும் பெற்றவர்கள், H-இல் மொத்தம்:

```
=COUNTIFS(Data!$B:$B,$A2,Data!$C:$C,">=4")
=SUM(B2:F2)
```

இதற்குப் பிவட் டேபிளும் உதவும். ஆனால் தரவை மாற்றிவிட்டு Refresh அழுத்த மறந்தால் பழைய எண்ணையே கூட்டத்தில் காட்ட வேண்டிவரும் என்பதால் எனக்கு COUNTIFS தான் பிடிக்கும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. சிஸ்டத்திலிருந்து இறக்கிய கோப்பில் மதிப்பெண்கள் சில நேரம் எழுத்தாகவே வந்து சேரும். பார்வைக்கு 4 தான், ஆனால் எக்செல்லுக்கு அது எண் அல்ல. சமன் என்று தேடும்போது COUNTIFS அதையும் 4 ஆகவே எண்ணிவிடும். ">=4" என்று தேடும்போது விட்டுவிடும். ஆகவே B முதல் F வரை எல்லாம் சரியாக இருக்கும், G மட்டும் குறையும். தாராளமானவர் கண்டிப்பானவராகத் தெரிவார். எந்தப் பிழைச் செய்தியும் வராது. கண்டுபிடிக்க எளிய வழி, ஒவ்வொரு வரியிலும் G-யும் E+F-உம் சமமா என்று பார்ப்பதுதான். சமமில்லை என்றால் Data தாளின் C பத்தியைத் தெரிவு செய்து Text to Columns திறந்து, எதையும் மாற்றாமல் Finish கொடுங்கள். எழுத்து எண்ணாகிவிடும்.

3. சதவீதத்தை நம்பாதீர்கள்

120 பேரில் 42 பேர் 4 அல்லது அதற்கு மேல். R4-இடம் 14 பேர், அவர்களில் 10 பேர் 4 அல்லது அதற்கு மேல், அதாவது 71%. R7-இடம் 5 பேர், அவர்களில் 4 பேர், அதாவது 80%. பார்த்தவுடன் R7 தான் கூடத் தாராளம் என்று தோன்றும். ஆனால் 5 பேர் கொண்ட குழுவில் ஒரே ஆள் மாறினாலே 20% ஏறி இறங்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி வேறு: மற்ற எல்லோரும் போடும் விகிதத்தில் இவரும் போட்டிருந்தால், இவ்வளவு உயர்ந்த எண்ணிக்கை தற்செயலாக வரும் வாய்ப்பு எவ்வளவு? ஒப்பிடும்போது அவருடைய ஆட்களைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் தன்னோடு தானே ஒப்பிடப்படுவார். R4-ஐக் கழித்தால் 106 பேரில் 32, ஏறக்குறைய 30%. தாராளத்துக்கு I பத்தி, கண்டிப்புக்கு J பத்தி:

```
=1-BINOM.DIST(G2-1,H2,(SUM(G$2:G$10)-G2)/(SUM(H$2:H$10)-H2),TRUE)
=BINOM.DIST(G2,H2,(SUM(G$2:G$10)-G2)/(SUM(H$2:H$10)-H2),TRUE)
```

R4-க்கு ஏறக்குறைய 0.002 வரும். R7-க்கு 0.04. ஒன்பது பேரை இரண்டு பக்கமும் சோதிக்கும்போது 0.05-ஐ எல்லையாக வைத்தால் குற்றமில்லாத ஒருவர் மாட்டிக்கொள்வது சகஜம். 0.01-க்குக் கீழே வருபவருக்கு மட்டும் கொடி ஏற்றினால் போதும். அப்படியானால் R7-ஐ விட்டுவிடலாம், R4-ஐப் பார்க்க வேண்டும். யாருக்காவது G பூச்சியமாக இருந்தால் I பத்தியில் #NUM! வரும். அதை 1 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

4. கொடி ஏறியவரை உடனே குற்றம் சொல்லாதீர்கள்

R2-இடம் 16 பேர், 4 அல்லது அதற்கு மேல் ஒருவர்தான். மற்றவர்களில் 104 பேருக்கு 41. அந்த விகிதப்படி R2-இடம் 6 பேராவது இருந்திருக்க வேண்டும். J பத்தியில் 0.004, ஆகவே கண்டிப்பானவர் என்று கொடி ஏறும்.

இப்போது D பத்தியைப் பாருங்கள். R2-இன் 16 பேரில் 11 பேர் புதியவர்கள். மற்ற இடங்களில் புதியவர்கள் 24 பேரில் 3 பேர்தான் 4 அல்லது அதற்கு மேல், பழையவர்கள் 80 பேரில் 38 பேர். அதே விகிதத்தில் R2-இன் 11 புதியவர்களில் 1.4, 5 பழையவர்களில் 2.4, மொத்தம் 4-க்குக் கொஞ்சம் குறைவு. கிடைத்தது 1. இடைவெளி 5-க்கு மேலிருந்து 3-க்குக் கீழ் வந்துவிட்டது. அவருடைய கை கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் முதலில் தெரிந்த அளவுக்கு இல்லை. புதிய கிளார்க்குகளையும் ஃபீல்ட் ஒஃபிசர்களையும் பெறும் டிவிசன்களில் இது வழமை.

R4-க்கும் இதே பிரிப்பைச் செய்யுங்கள். அவருடைய ஆட்களின் கலவை மற்ற இடங்களைப் போலவே இருந்தால், தோட்டத்தின் விளைச்சல், உற்பத்திச் செலவு, ஏல விலைச் சராசரி ஆகியவற்றை அந்தத் தோட்டத்தின் சொந்த பட்ஜெட்டோடு ஒப்பிடுங்கள். பக்கத்துத் தோட்டத்தோடு ஒப்பிட்டால் உயரமும் மழையும் குழப்பிவிடும். அந்த வருடம் உண்மையிலேயே நன்றாக ஓடியிருந்தால் 10 பேர் என்பதற்கு நியாயம் இருக்கலாம்.

5. கூட்டத்துக்கு என்ன கொண்டுபோவது

சராசரியைக் கொண்டுபோகாதீர்கள். எல்லோருக்கும் 3 போட்டவரும், பாதிப் பேருக்கு 2 பாதிப் பேருக்கு 4 போட்டவரும் சராசரியில் ஒரே ஆள். கொடி ஏறியவருக்கு ஒரு தாள் போதும்: எதிர்பார்த்தது 4, கிடைத்தது 10. கூடவே 4 வாங்கியவர்களில் குறிப்பு மிகவும் மெலிந்திருக்கும் நான்கைந்து படிவங்கள். “இவருக்கு 3 ஏன் போதாது?” என்று படிவத்தை வைத்துக் கேட்கலாம். எல்லோருக்கும் ஒரு புள்ளி குறைப்பது என்ற முடிவுக்கு இந்த எண்களைப் பயன்படுத்தக் கூடாது. உண்மையாகவே 4-க்குத் தகுதியானவரும் சேர்ந்து அடிபடுவார்.

பின்னர் சேர்த்தது: எல்லோருக்கும் 3 மட்டும் போடுபவரை எப்படிப் பிடிப்பது என்று பலர் கேட்டார்கள். அவர் J பத்தியில் கண்டிப்பானவராகத் தெரிவார், அது தவறான பட்டம். I பத்தியின் சூத்திரத்தை ஃபார்முலா பாரிலிருந்து பிரதியெடுத்து, G வரும் இடங்களிலெல்லாம் D என்று மாற்றுங்கள். 3 வாங்கியவர்களின் எண்ணிக்கைக்கும் அதே 0.01 எல்லைதான்.