கூடைக்கு விலை வைக்கும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள், கேட்கும்போது நேரும் தவறுகள்

எதிர்வீட்டு அக்கா ஒயர் கூடை பின்னுகிறார். சிவன் கண் பின்னல், மூன்று ரோல் ஒயரில் காய்கறி வாங்கப் போகும் அளவுக்கு ஒரு கூடை. விற்கலாம் என்று முடிவு செய்ததும் தெரிந்தவர்கள் பத்துப் பேரிடம் கூடையை நீட்டி, "முந்நூறு ரூபாய் சொல்லலாம்னு இருக்கேன், சரியா இருக்குமா?" என்று கேட்டார். எல்லோரும் "சரிதான், தாராளமா சொல்லுங்க" என்றார்கள். முந்நூறு என்றே வைத்தார். கூடைகள் விற்றன. மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது கையில் பெரிதாக எதுவும் நிற்கவில்லை.

அவர் கேட்டது நல்ல காரியம். கேட்ட விதத்தில்தான் பிழை. விலையை நாமே முதலில் சொல்லிவிட்டால், எதிரில் இருப்பவர் மனதில் அந்த எண் ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு அவர் சொல்வதெல்லாம் அதைச் சுற்றியேதான் இருக்கும். முந்நூறு என்று கேட்டதால் முந்நூறுக்குச் சம்மதம் கிடைத்தது. நானூறு என்று கேட்டிருந்தாலும் அதே பத்துப் பேரில் பலர் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். அதிலும் சொந்தக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும் நம் மனம் நோகக் கூடாது என்று பதில் சொல்வார்கள். அவர்கள் பதிலில் இருப்பது பாசம். அதை வைத்து விலையைக் கணிக்க முடியாது.

"நீங்க எவ்வளவு கொடுப்பீங்க?" என்று வெறுமனே கேட்பதும் உதவாது. நம் ஊரில் அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் பேரம் தொடங்கிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். மனதில் நானூறு இருந்தாலும் வாயில் இருநூற்றைம்பதுதான் வரும். ஆகவே "இன்னைக்கு விற்க வரல, விலை வைக்கத்தான் கேக்குறேன்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடிந்தால் பின்னியவர் கேட்காமல் வேறொருவர் கேட்பது இன்னும் நல்லது. அக்காவுக்காக இரண்டாம் முறை கேட்டது நான்தான்.

1976-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் பீட்டர் வான் வெஸ்டன்டார்ப் இதற்கென்று நான்கு கேள்விகளை முன்வைத்தார். நம் பேச்சில் அவை இப்படி வரும்: எந்த விலைக்குக் கீழே போனால் "இது உழைக்காது போல" என்று சந்தேகம் வரும்? எந்த விலை என்றால் "பரவாயில்லை, லாபம்தான்" என்று தோன்றும்? எந்த விலையில் "கொஞ்சம் கூடுதல்தான், ஆனாலும் யோசித்து வாங்கலாம்" என்பீர்கள்? எந்த விலைக்கு மேல் வாங்கவே மாட்டீர்கள்? நான்குக்கும் எண்ணை அவர்தான் சொல்ல வேண்டும், நாம் எதையும் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவது முதல் கேள்வியைத்தான். கைவினைப் பொருளுக்கு மிக முக்கியமான கேள்வியே அதுதான் என்பேன். ஒயர் கூடையைக் கையில் எடுப்பவர் முதலில் கைப்பிடியை இழுத்துப் பார்க்கிறார், அப்புறம் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறார். ஐந்து கிலோ காய்கறி தாங்குமா என்பதுதான் அவர் கவலை. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் அந்தக் கவலை கூடுகிறது. அதனால் போட்டோவைக் காட்டிக் கேட்காதீர்கள். கூடையைக் கையில் கொடுத்து, இழுத்துப் பார்க்க விட்டுக் கேளுங்கள்.

நான்கு கேள்விக்கும் முன்னால் இன்னொன்றும் கேட்டேன்: "இந்த மாதிரிக் கூடையோ பையோ கடைசியா எப்போ காசு கொடுத்து வாங்கினீங்க, எவ்வளவு கொடுத்தீங்க?" வாங்கிய நினைவே இல்லை என்றவர்களின் பதிலைச் சேர்க்கவில்லை. வாங்காதவர் சொல்லும் விலை வெறும் ஊகம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் கேட்டேன். நாலு பேர் கூடியிருக்கும் திண்ணையில் கேட்டால் முதலில் பேசுகிறவர் சொன்ன எண்ணையே மற்றவர்களும் சொல்வார்கள்.

இருபது பேரின் பதில்கள் கையில் வந்தன. இங்கே எல்லோரும் செய்யும் தவறு, எல்லா எண்களையும் கூட்டிச் சராசரி எடுப்பது. ஒருவர் ஆயிரம் என்று சொல்லிவிட்டால் சராசரி எகிறிவிடும். அதற்குப் பதில் ஒரு தாளில் 350, 400, 450, 500 என்று விலைகளை எழுதி, ஒவ்வொரு விலையிலும் எத்தனை பேர் விலகிப் போகிறார்கள் என்று தலை எண்ண வேண்டும்.

அக்காவின் தாளில் 350 ரூபாயில் நான்கு பேர் "இவ்வளவு மலிவா?" என்று சந்தேகப்பட்டார்கள், இரண்டு பேர் வாங்கவே மாட்டோம் என்றார்கள். மிச்சம் 14 பேர். 400-இல் சந்தேகம் இரண்டு, மறுப்பு மூன்று, மிச்சம் 15. 450-இல் சந்தேகம் ஒன்று, மறுப்பு ஐந்து, மிச்சம் 14. 500-இல் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஆனால் பாதிப் பேர் போய்விட்டார்கள், மிச்சம் 10.

சந்தேகமும் மறுப்பும் சமமாகும் இடமே சரியான விலை என்று இந்த முறையில் சொல்வதுண்டு. இங்கே அது 350-க்கும் 400-க்கும் நடுவில் வருகிறது. அதோடு நிறுத்தினால் அதுவும் தவறுதான். வாங்குபவர் மனம் மட்டுமே அந்த எண்ணில் இருக்கிறது, நம் செலவு அதில் இல்லை. ஒரு கூடைக்கு ஒயர் ரோல் ஐம்பது வீதம் 150, கைப்பிடிக்கும் அடியில் பொருத்தும் புஷ்ஷுக்கும் 30, ஆக 180 ரூபாய். 350-இல் கூடைக்கு 170 நிற்கும், 14 பேருக்கு 2,380. 400-இல் 220, 15 பேருக்கு 3,300. 450-இல் 270, 14 பேருக்கு 3,780. 500-இல் 320, 10 பேருக்கு 3,200. கணக்கு 450-ஐக் காட்டுகிறது. முதலில் வைத்த முந்நூறில் கூடைக்கு நின்றது வெறும் 120.

இந்த 14 பேரும் வாங்குவார்கள் என்று நினைத்து 14 கூடைக்கு ஒயர் வாங்கி வைக்கக் கூடாது. "வாங்கலாம்" என்று வாயால் சொல்வதற்கும் பர்ஸைத் திறப்பதற்கும் தூரம் உண்டு. இருபது பேர் என்பதும் சின்னக் கூட்டம், இரண்டு பேர் மனம் மாறினாலே எண்கள் நகர்ந்துவிடும். அதனால் ஐந்து கூடை மட்டும் பின்னி, இதுவரை கேட்காத ஆட்களிடம் 450 சொல்லிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு வாரத்தில் நான்கு போனது. ஐந்தாவதைப் பார்த்தவர் விலையைக் கேட்டுவிட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஒரு கூடைக்கு எட்டு மணி நேரம் ஆகிறது. 270 ரூபாயை எட்டால் வகுத்தால் மணிக்கு 34 ரூபாய்கூட வரவில்லை. காய்கறிக்குக் கூடை வாங்குபவர்களிடம் எத்தனை கேள்வி கேட்டாலும் இதற்கு மேல் பதில் வராது. அதனால் அடுத்த தாளை வேறு ஆட்களுக்காகத் தயார் செய்கிறோம். கல்யாண வீட்டில் தாம்பூலத்துக்குச் சின்னக் கூடை கொடுக்க நினைப்பவர்களிடம் கேட்கப் போகிறோம். அந்தக் கூடைக்கு ஒரு ரோல் போதும், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்கிறார் அக்கா.