sin x = 1/2 என்றால் 30° மட்டும்தானா? இடைவெளிக்குள் எல்லாத் தீர்வுகளையும் எடுப்பது எப்படி

பயிற்சித்தாளில் இப்படி ஒரு கணக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

```
sin x = 1/2,   0° ≤ x < 360°
```

30° என்பது பார்த்ததுமே நினைவுக்கு வந்துவிடும். அதை எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறவர்கள் நிறையப் பேர். 30° சரியான விடைதான், ஆனால் அது பாதி விடை. 150°க்கும் சைன் மதிப்பு அதே 1/2. 0°, 30°, 45°, 60°, 90° என்று நாம் மனப்பாடம் செய்த அட்டவணையில் 150° இல்லை. கால்குலேட்டரும் அதைக் காட்டாது. இரண்டாம் கால்பகுதியில் இருக்கும் அந்தக் கோணத்தை நாம்தான் தேடி எடுக்க வேண்டும்.

கால்குலேட்டர் காட்டாததற்குக் காரணம் இருக்கிறது. `sin⁻¹` பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு எண்தான் வர முடியும். ஒரே சைன் மதிப்புக்குக் கணக்கற்ற கோணங்கள் இருப்பதால், −90° முதல் 90° வரை உள்ள ஒன்றை மட்டும் தருவது என்று வரையறுத்து வைத்திருக்கிறார்கள். `tan⁻¹` பொத்தானும் −90°க்கும் 90°க்கும் நடுவில்தான் விடை தரும். `cos⁻¹` மட்டும் 0° முதல் 180° வரை. பாடப்புத்தகம் முதன்மைத் தீர்வு என்று சொல்வது இந்த ஒற்றை விடையைத்தான். ஆகவே சைனிலும் டேனிலும் இரண்டாம் கால்பகுதிக் கோணம் நேரடியாக வரவே வராது. கொசைனில் அது வரும், ஆனால் மூன்றாம், நான்காம் கால்பகுதிக் கோணங்கள் விடுபட்டுப்போகும்.

படி 1: ஒரு வட்டம், ஒரு கோடு

எந்தக் கணக்காக இருந்தாலும் தாளின் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம் வரைந்து, அதன் மையம் வழியாக இரண்டு அச்சுகளையும் போடுங்கள். ஆரம் 1 என்று வைத்துக்கொள்ளலாம். வலப்பக்க x-அச்சில் தொடங்கி, கடிகார முள் சுற்றும் திசைக்கு எதிராகக் கோணத்தை அளக்கிறோம். x என்ற கோணத்தில் வட்டத்தின் மேல் இருக்கும் புள்ளியின் உயரம்தான் sin x. மையத்திலிருந்து அது பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அது cos x.

இப்போது sin x = 1/2 என்பதற்கு ஒரு படம் கிடைத்துவிட்டது. உயரம் 1/2 இருக்கும் இடத்தில் ஒரு கிடைக்கோடு போடுங்கள். அது வட்டத்தை வலப்பக்கம் ஒரு முறையும் இடப்பக்கம் ஒரு முறையும் வெட்டும். வலப்பக்கப் புள்ளி 30°. இடப்பக்கப் புள்ளி அதற்கு நேர் எதிரே அதே உயரத்தில் இருக்கிறது. அதாவது 180°க்கு 30° முன்னதாக. எனவே 180° − 30° = 150°.

கொசைன் என்றால் கோடு செங்குத்தாக நிற்கும். அது வட்டத்தை மேலே ஒரு முறையும் கீழே ஒரு முறையும் வெட்டும். ஆகவே முதல் விடை α என்றால் அடுத்தது 360° − α. டேன் என்றால் மையம் வழியாகச் செல்லும் சாய்கோடு. அது வட்டத்தை நேரெதிரான இரண்டு இடங்களில் வெட்டுவதால் ஒரு விடையோடு 180° கூட்டினால் அடுத்தது கிடைக்கும்.

‘ஆல் சில்வர் டீ கப்ஸ்’ என்று எந்தக் கால்பகுதியில் எது மிகை எண் என்பதை மனப்பாடம் செய்வதில் தவறில்லை. ஆனாலும் எனக்கு இந்தக் கோடுதான் நம்பகமாகப் படுகிறது. எத்தனை விடை வர வேண்டும் என்பதைக் கணக்கைத் தொடங்கும் முன்பே அது சொல்லிவிடுகிறது. sin x = 1.5 என்றால் கோடு வட்டத்துக்கு வெளியே போய்விடும், தீர்வே இல்லை. sin x = −1 என்றால் கோடு வட்டத்தின் அடியை ஒரே புள்ளியில் தொடும், 270° மட்டும்தான் விடை.

படி 2: கால்குலேட்டர் எண்ணை இடைவெளிக்குள் கொண்டுவருவது

அட்டவணையில் இல்லாத எண்ணாக ஒன்றைப் பார்ப்போம்.

```
tan x = −1.5,   0° ≤ x < 360°
tan⁻¹(−1.5) = −56.31°
```

−56.31° நமக்குக் கொடுத்த இடைவெளியிலேயே இல்லை. குறைக் குறியை அழித்துவிட்டு 56.31° என்று எழுதுவது பெரிய தவறு. முதல் கால்பகுதியில் டேன் குறை எண்ணாக இருக்கவே முடியாது. அதை அப்படியே வைத்துக்கொண்டு 180° கூட்டுங்கள். 123.69° கிடைக்கும். இதுதான் இரண்டாம் கால்பகுதி விடை. இன்னொரு 180° கூட்டினால் 303.69°. மறுபடியும் கூட்டினால் 360°ஐத் தாண்டிவிடும், அங்கே நிறுத்திவிடலாம்.

கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா ரேடியனில் இருக்கிறதா என்பதையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். `sin⁻¹(0.5)` அழுத்தி 30 வந்தால் டிகிரி. 0.5236 வந்தால் ரேடியன்.

படி 3: ஒரு முழுக் கணக்கு

```
2cos²x = 1 + sin x,   0° ≤ x < 360°
```

சைன், கொசைன் இரண்டும் கலந்திருக்கின்றன. cos²x = 1 − sin²x என்று மாற்றினால் எல்லாம் சைனாகிவிடும்.

```
2(1 − sin²x) = 1 + sin x
2sin²x + sin x − 1 = 0
(2sin x − 1)(sin x + 1) = 0
```

இது வெறும் இருபடிச் சமன்பாடுதான். sin x = 1/2 அல்லது sin x = −1. இங்கே வந்ததும் வேலை முடிந்த மாதிரி தோன்றும். உண்மையில் மதிப்பெண் போகும் இடம் இதுதான். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கோடு போடுங்கள். 1/2 உயரத்தில் இரண்டு வெட்டுப்புள்ளிகள்: 30°, 150°. −1இல் ஒரு தொடுபுள்ளி: 270°. கால்குலேட்டர் இந்த இடத்தில் −90° என்று காட்டும். அதோடு 360° கூட்டினால் அதே 270°.

விடை: x = 30°, 150°, 270°.

150° சரிதானா என்று முதல் சமன்பாட்டிலேயே போட்டுப் பாருங்கள். cos 150° = −√3/2. அதன் வர்க்கம் 3/4, இரண்டால் பெருக்கினால் 3/2. வலப்பக்கம் 1 + 1/2 = 3/2. பொருந்துகிறது.

இன்னொரு வகையிலும் விடை காணாமல் போகும். 2 sin x cos x = cos x என்று கொடுத்தால் இரண்டு பக்கமும் cos xஐ அடித்துவிடக் கை துடிக்கும். அடித்தால் sin x = 1/2 மட்டும் மிஞ்சும், cos x = 0 தரும் 90°, 270° இரண்டும் போய்விடும். அடிக்காமல் ஒரே பக்கம் கொண்டுவந்து cos x(2 sin x − 1) = 0 என்று காரணிப்படுத்துங்கள். நான்கு விடைகளும் கிடைக்கும்: 30°, 90°, 150°, 270°.

படி 4: உள்ளே 2x இருந்தால்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

```
sin 2x = √3/2,   0° ≤ x < 360°
```

சைனுக்குள் இருக்கும் கோணம் 2x. எனவே வட்டத்தில் நாம் தேடுவது 2xஐ. x ஒரு சுற்று சுற்றும்போது 2x இரண்டு சுற்று சுற்றிவிடும். அதனால் முதல் வேலை, இடைவெளியை மாற்றி எழுதுவது: 0° ≤ 2x < 720°.

முதல் சுற்றில் கோடு வெட்டும் இடங்கள் 60°, 120°. இரண்டாம் சுற்றுக்கு 360° கூட்டினால் 420°, 480°. நான்கையும் எழுதிய பிறகுதான் 2ஆல் வகுக்க வேண்டும்.

```
2x = 60°, 120°, 420°, 480°
x  = 30°, 60°, 210°, 240°
```

வழக்கமாக நடப்பது வேறு. 2x = 60° என்று எழுதியதும் x = 30° என்று வகுத்துவிட்டு, பிறகு 180° − 30° = 150° என்று இரண்டாவது விடையை எழுதிவிடுவார்கள். 150°ஐப் போட்டுப் பாருங்கள்: sin 300° = −√3/2. குறியே மாறிவிட்டது. 180°இலிருந்து கழிக்கும் விதி சைனுக்குள் இருக்கும் கோணத்துக்குத்தான், xக்கு அல்ல. 120°யும் 480°யும் 2xக்கு இரண்டாம் கால்பகுதிதான், ஆனால் வகுத்த பிறகு வந்த 60°யும் 240°யும் இரண்டாம் கால்பகுதியில் இல்லை. இரண்டாம் கால்பகுதி விடை எப்படியும் இருக்க வேண்டும் என்று நினைத்து 150°ஐச் சேர்த்துவிடாதீர்கள்.

இடைவெளி வேறாக இருந்தால்

சில தாள்களில் −π ≤ x ≤ π என்று ரேடியனில் கொடுப்பார்கள். cos x = −1/2 என்றால் செங்குத்துக்கோடு இடப்பக்கம் நிற்கும். மேல் வெட்டுப்புள்ளி 2π/3, இரண்டாம் கால்பகுதி. கீழ் வெட்டுப்புள்ளி 4π/3, ஆனால் அது πஐத் தாண்டிவிட்டது. அதே புள்ளிக்குக் கீழ்ப்பக்கமாகச் சுற்றிப் போனால் −2π/3. எனவே விடை 2π/3, −2π/3. புள்ளி மாறவில்லை, இடைவெளிக்கு ஏற்பப் பெயர்தான் மாறுகிறது. ஓரத்தில் ≤ இருக்கிறதா < இருக்கிறதா என்பதையும் பாருங்கள். cos x = −1 என்றால் இந்த இடைவெளியில் π, −π இரண்டையும் எழுத வேண்டும்.

பொதுத் தீர்வுச் சூத்திரம் தெரிந்தவர்கள் சைனுக்கு x = nπ + (−1)ⁿα என்று படித்திருப்பார்கள். n = 0 போட்டால் α. n = 1 போட்டால் π − α. அந்தச் சூத்திரத்துக்குள்ளும் நம் இடப்பக்கப் புள்ளிதான் இருக்கிறது. இடைவெளிக்கு வெளியே போகும்வரை nக்கு இருபக்கமும் முழு எண்களைப் போட்டுக்கொண்டே போகலாம்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

```
1)  cos x = −0.4,   0° ≤ x < 360°
2)  tan 2x = −1,    0° ≤ x < 180°
```

முதல் கணக்குக்கு 113.58°, 246.42° வர வேண்டும். இரண்டாவதில் 2xஇன் இடைவெளி 0° முதல் 360° வரை. அதில் 2x = 135°, 315° என்பதால் x = 67.5°, 157.5°. உங்களுக்கு 67.5° மட்டும் வந்திருந்தால் 135°உடன் 180° கூட்டும் முன்பே வகுத்திருக்கிறீர்கள்; படி 4ஐ வைத்துக்கொண்டு இன்னொரு முறை போடுங்கள்.