உதவித்தொகை படிவம் போடும் முன் இதைப் பாருங்கள்

முதலாமாண்டு தம்பி, தங்கைகளே, வருமானச் சான்றுக்கு இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று கை மாறி வர நாளாகும். கடைசி வாரத்தில் ஓடினால் கிடைக்காது. இங்கே படிப்பதற்கான போனஃபைடு சான்று நம் கல்லூரி அலுவலகத்திலேயே வாங்கலாம்.

அப்புறம்தான் பலர் தவறுகிறார்கள். வங்கியில் ஆதார் நகல் கொடுப்பது வேறு, அரசுப் பணம் வர வேண்டிய கணக்கை ஆதாரோடு இணைக்கும் ஆதார் சீடிங் வேறு. போன வருடம் என் விண்ணப்பம் ஏற்கப்பட்டும் பணம் கையில் வரவில்லை. பள்ளியில் தொடங்கி, மறந்தே போன கணக்குக்குப் போயிருந்தது. கடைசியாக சீடிங் செய்த கணக்கு அதுதான்.

myAadhaar தளத்தில் Bank Seeding Status பாருங்கள். அங்கே வருவது நீங்கள் இப்போது பயன்படுத்தும் வங்கி இல்லையென்றால், உங்கள் கிளையில் சீடிங் படிவம் கொடுத்துவிட்டு, மாறியதா என்று மறுபடி பார்த்த பிறகு விண்ணப்பியுங்கள்.