v, w குழப்பம் தீர ‘வ’-விலிருந்து தொடங்காதீர்கள்

vest, west. இந்த இரண்டு சொற்களையும் தமிழில் எழுதச் சொன்னால் இரண்டுக்குமே ‘வெஸ்ட்’ என்றுதான் எழுதுவோம். எழுத்தில் மட்டுமல்ல, நம்மில் பலருக்கு வாயிலும் காதிலும்கூட அவை ஒன்றுதான். ‘v-க்கு உதட்டைக் கடி, w-வுக்கு உதட்டைக் குவி’ என்று யாராவது எப்போதாவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதைத் தனியாகச் செய்து காட்டவும் வரும். ஆனால் பேச ஆரம்பித்ததும் இரண்டும் பழையபடி ஒன்றாகிவிடும். அது ஏன் என்று முதலில் பார்த்துவிட்டால் பயிற்சி எளிதாகிவிடும்.

குழப்பம் எங்கே இருக்கிறது

கண்ணாடி முன் நின்று ‘அவன், இவள், வா’ என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கீழுதடு மேற்பல்லை நோக்கி எழும்பும், ஆனால் அதில் அழுந்தாது. கிட்டே போய்விட்டுத் திரும்பிவிடும். காற்று உரசாமல் வெளியே வரும். உதடும் குவியாது. ஒலியியலில் இந்த ஒலிக்கென்றே ʋ என்று ஒரு குறியீடு இருக்கிறது.

ஆங்கில v அப்படியில்லை. அதில் கீழுதடு மேற்பல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கும், காற்று அந்தச் சிறு இடுக்கில் உரசிக்கொண்டு வரும். w-வில் பல்லுக்கு வேலையே இல்லை. இரண்டு உதடுகளும் குவியும், நாக்கின் பின்பகுதி மேலே எழும்பும். அதாவது நம் வ, v-யும் இல்லை, w-வும் இல்லை, மூன்றாவது ஒலி.

இதனால் ஒரு விசித்திரம் நடக்கிறது. நாம் இரண்டு இடத்திலும் அதே வ-வைத்தான் சொல்கிறோம். ஆனால் இந்த இரண்டு ஒலிகளையும் பிரித்துக் கேட்டே வளர்ந்தவர், v வர வேண்டிய இடத்தில் உரசலை எதிர்பார்க்கிறார். அது இல்லாததால் அவர் காதில் w மாதிரி விழுகிறது. w வர வேண்டிய இடத்தில் குவிவை எதிர்பார்க்கிறார், அது இல்லாததால் v மாதிரி விழுகிறது. ‘நீங்கள் இரண்டையும் மாற்றிச் சொல்கிறீர்கள்’ என்று அவர் சொன்னால் நமக்குப் புரியாமல் போவது இதனால்தான். நாம் எதையும் மாற்றவில்லை, ஒன்றையே இரண்டு தடவை சொன்னோம்.

இது தமிழர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் இல்லை. இந்தி பேசுபவர்களுக்கும் இப்படித்தான். ஜெர்மன் மொழியில் v ஒலி நன்றாகவே உண்டு, ஆங்கில w ஒலிதான் இல்லை. அவர்கள் w என்ற எழுத்தையே v ஒலியில்தான் படிப்பார்கள். அதனால் ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் ஜெர்மானியர் பலர் wine-ஐ vine என்று சொல்வதுண்டு.

சரி, நமக்கு என்ன வழி? வ-வைத் திருத்தி v ஆக்குவதும், அதையே திருத்தி w ஆக்குவதும் வீண் வேலை. இத்தனை வருடப் பழக்கம் இரண்டையும் திரும்ப நடுவுக்கே இழுத்துவிடும். v-க்கு ஃப-விலிருந்து போங்கள், w-வுக்கு ஊ-விலிருந்து போங்கள். இரண்டு வேறு இடங்களிலிருந்து கிளம்பினால் அவை மோதிக்கொள்ளாது.

படி 1: ஃப-விலிருந்து v

கீழுதட்டின் உள்விளிம்பை மேற்பற்களின் நுனியில் லேசாக வையுங்கள். கடிக்க வேண்டாம். ‘ஃப்ப்ப்ப்’ என்று மூன்று விநாடி காற்றை மட்டும் ஊதுங்கள். இப்போது தொண்டையில் இரண்டு விரல்களை வைத்துக்கொள்ளுங்கள். உதட்டை அசைக்காமல், காற்றை நிறுத்தாமல், குரலை மட்டும் சேருங்கள். தொண்டை அதிரும், கீழுதட்டில் கூச்சம் மாதிரி ஒரு ரீங்காரம் தெரியும். அதுதான் v.

fffff என்று ஊதிக்கொண்டே vvvvv-க்கு மாறுவது, பிறகு குரலை நிறுத்தி மறுபடி fffff-க்கு வருவது என்று பத்துத் தடவை செய்யுங்கள். உதடு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும், குரல் மட்டும் வந்து போக வேண்டும்.

இங்கே இரண்டு தவறுகள் வரும். ஒன்று, உதட்டைப் பல்லோடு அழுத்திப் பிடிப்பது. அப்போது காற்று அடைபட்டு, விடும்போது ‘ப’ மாதிரி வெடிக்கும், vest என்பது best ஆகிவிடும். அழுத்தத்தைக் குறையுங்கள். இன்னொன்று, குரல் வந்ததும் உதடு பல்லை விட்டு விலகிவிடுவது. ரீங்காரம் நின்று போனால் நீங்கள் வ-வுக்குத் திரும்பிவிட்டீர்கள் என்று பொருள்.

ஃபேன் என்பதைப் ‘பேன்’ என்று சொல்லும் பழக்கம் உள்ளவர்கள் முதலில் ஃப-வைப் பழகிக்கொண்டு வாருங்கள். அது இல்லாமல் v-க்கு வழி கிடையாது.

படி 2: ஊ-விலிருந்து w

‘ஊஊஊ’ என்று சொல்லுங்கள். உதடு நன்றாகக் குவிந்திருக்க வேண்டும், கண்ணாடியில் பல் தெரியக் கூடாது. அங்கிருந்து நிறுத்தாமல் ‘எஸ்ட்’டுக்கு வழுக்கிப் போங்கள்: ஊஊ-எஸ்ட். மறுபடியும், கொஞ்சம் வேகமாக: ஊ-எஸ்ட். அப்புறம் ஊ-வைக் கண்மூடித் திறக்கும் நேரத்துக்குக் குறையுங்கள். west வந்துவிட்டது. இதே மாதிரி ஊ-ஏ என்றால் way, ஊ-ஐ என்றால் why.

பெரும்பாலோர் சறுக்குவது ஊ-வைக் குறைக்கும் அந்தக் கட்டத்தில்தான். வேகம் கூடியதும் கீழுதடு பழக்கதோஷத்தில் பல்லை நோக்கி எழும்பும். வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் கண்ணாடியைப் பாருங்கள். பல்லின் நுனி கீழுதட்டின்மேல் தெரிந்தால் ஒரு படி மெதுவாக்குங்கள்.

உங்களிடமிருந்து வருவது எந்த ஒலி என்று சந்தேகமாக இருந்தால் இழுத்துப் பாருங்கள். v-யை இழுத்தால் ரீங்காரமாகவே நீளும். w-வை இழுத்தால் ஊ ஆகிவிடும். இரண்டும் இல்லாமல், உரசலும் குவிவும் இல்லாத மங்கலான ஓர் ஒலி நீண்டால் அது வ. இந்தச் சோதனையை எந்தச் சொல்லிலும், யாருடைய உதவியும் இல்லாமல் செய்யலாம். எல்லாப் பயிற்சிகளிலும் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

படி 3: காதுக்குப் பயிற்சி

இந்தச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் முதல் ஒலி மட்டுமே வேறு.

```
vest  – west
vet   – wet
vine  – wine
vent  – went
viper – wiper
```

உச்சரித்துக்காட்டும் இணைய அகராதி ஒன்றில் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு இந்தப் பத்துச் சொற்களையும் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, வரும் வரிசையில் படித்து அலைபேசியில் பதிவு செய்யுங்கள். வரிசையை ஒரு தாளில் குறித்து மடித்து வைத்துவிடுங்கள். மறுநாள், வரிசை மறந்த பிறகு, பதிவைக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் v அல்லது w என்று எழுதுங்கள். அப்புறம் தாளைப் பிரித்து ஒப்பிடுங்கள்.

பத்துக்கு ஐந்து சரி என்றால் அதில் மகிழ ஒன்றும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் ஏறக்குறைய அவ்வளவு வரும். ஒன்பது, பத்து என்று தொடர்ந்து வர ஆரம்பித்தால்தான் வாயும் காதும் பிரித்துவிட்டன என்று கொள்ளலாம். குறைந்த மதிப்பெண் வந்தால் குறை வாயிலா காதிலா என்று தெரிந்துகொள்ள, அகராதியின் குரலை வைத்து இதே சோதனையை வேறொருவரை நடத்தச் சொல்லுங்கள். அதில் சரியாக எழுதினால் காது நன்றாக இருக்கிறது, படி 1-க்கும் 2-க்கும் திரும்பிப் போங்கள். அதிலும் தடுமாறினால் கேட்பதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள்.

படி 4: vote, voice, wood, woman

மேலே உள்ள சொற்களில் தேறியவர்கள்கூட இந்த நான்கில் விழுவார்கள். தமிழில் வு, வூ, வொ, வோ என்று சொற்கள் தொடங்குவதில்லை. ‘உ ஊ ஒ ஓ அலவொடு வம்முதல்’ என்று நன்னூலே சொல்லிவிட்டது. இந்த நான்கு உயிர்களுக்கும் உதடு ஏற்கெனவே குவிகிறது, அதனால் முன்னால் உள்ள வ கரைந்து போகிறது. கடன் சொற்களிலேயே இதைப் பார்க்கலாம். vote நமக்கு ஓட்டு ஆனது, woollen உல்லன் ஆனது. v-யும் போயிற்று, w-வும் போயிற்று.

vote-க்கு மருந்து, குவிவைத் தள்ளிப்போடுவது. உதட்டைப் பல்லில் வைத்து vvvv என்று ரீங்காரம் கேட்கும்வரை இருங்கள். கேட்ட பிறகே ஓ-வுக்குக் குவியுங்கள்: vvvv-ஓட். ஓ-வை எதிர்பார்த்து உதடு முன்கூட்டியே குவிந்தால் பல் விலகிவிடும்.

wood-க்கு நேர் எதிரான வைத்தியம். இங்கே ஒலியும் குவிவு, அடுத்து வரும் உயிரும் குவிவு. வித்தியாசம் காட்ட, தொடக்கத்தில் விசில் அடிக்கப் போவதுபோல உதட்டை இறுக்கி, உடனே கொஞ்சம் தளர்த்த வேண்டும். அந்தத் தளர்வுதான் w ஆகக் கேட்கும். உதடு ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அளவில் இருந்தால் ‘உட்’ என்றும் ‘உமன்’ என்றும்தான் வரும்.

படி 5: இரண்டும் ஒரே மூச்சில்

very well என்பதை எடுத்துக்கொள்வோம். w-வைப் புதிதாகக் கற்றவர்கள் அந்த உற்சாகத்தில் இரண்டையும் குவித்து wery well என்பார்கள். இது பழைய வ-வைவிட அதிகமாகக் காதில் உறுத்தும். எனவே மெதுவாக: பல் தொட்டு vvv-எரி. ‘ரி’யில் உதடு விரிந்திருக்கும். அங்கே ஒரு நொடி நில்லுங்கள். பிறகு குவித்து ஊ-எல். அந்த நிறுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, இல்லாமல் ஆக்குங்கள்.

அடுத்தது wave. இதில் குவிவில் தொடங்கிப் பல்லில் முடிக்க வேண்டும். கடைசி v-க்குப் பின்னால் உகரம் சேர்த்து ‘வேவு’ என்று சொல்லிவிடாதீர்கள். உதடு பல்லிலேயே இருக்க, சொல் அங்கேயே முடியட்டும். இது வந்ததும் five women, every week, seven ways என்று போகலாம்.

எழுத்தைப் பார்த்து ஏமாந்துபோகும் இடங்களும் சில உண்டு. of என்பதில் f எழுதியிருந்தாலும் ஒலி v. one, once இரண்டும் o-வில் தொடங்கினாலும் ஒலி w-வில் தொடங்குகிறது, quick, queen ஆகியவற்றில் u-வின் இடத்தில் இருப்பதும் w ஒலிதான். மாறாக who, write, wrong ஆகியவற்றில் w எழுத்து மட்டுமே இருக்கிறது, ஒலி கிடையாது. சந்தேகம் வந்தால் அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் சாய்கோடுகளுக்கு நடுவே இருக்கும் ஒலிக்குறியைப் பாருங்கள். அங்கே /wʌn/ என்று இருந்தால் ஊ-விலிருந்து தொடங்க வேண்டும், /vəʊt/ என்று இருந்தால் ஃப-விலிருந்து.