அம்மாவுக்கு ஒரு உயரம், எனக்கு ஒரு உயரம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் குசினி மேடை 34 அங்குல உயரம். அம்மா 4 அடி 11, நான் 5 அடி 10. மேடைக்கு மேல் காஸ் அடுப்பு ஐந்து அங்குலம், அதற்கு மேல் பிட்டுப் பானை. அம்மாவின் முழங்கை 37 அங்குலத்தில் இருக்க, பானையின் வாய் அவவின் தோளுக்குக் கிட்ட வந்துவிடும். தோள் உளைவுக்குக் காரணம் அதுதான். மேசனைப் பிடித்து, அடுப்பு நிற்கும் துண்டை மட்டும் உடைத்து 28 அங்குலத்தில் வார்ப்பித்தேன். அதன்கீழ் சிலிண்டர் றெகுலேற்றரோடு நிற்காது. பக்கத்து உயரமான பகுதிக்குக் கீழே மாற்றினோம்.

வெட்டுகிற இடம் முழங்கைக்கு நாலைந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். அம்மாவுக்கு 34 கொஞ்சம் உயரம்தான், ஆனால் சமாளிக்கிறா. எனக்கோ குனிய வேண்டியிருந்தது. ஓடாவி நாலு அங்குலக் கால் வைத்த பலகை செய்து தந்தார், நான் வெட்டும்போது மட்டும் மேடைமேல் எடுத்து வைப்பேன்.

மேடையின் ஆழம் 24 அங்குலம். எனக்குச் சரி. அம்மா பின்சுவரோரத் தூள் போத்தல்களை எடுக்க நெருப்புக்கு மேலால் கை நீட்டுவா. பருத்திச் சட்டைக் கை கருகிய பிறகுதான் போத்தல்களைப் பக்கச் சுவருக்கு மாற்றச் சம்மதித்தா.