ட்வீட்டை எண்ணினால் மக்கள் மனசு தெரியுமா?

2009 செப்டம்பரில் ஜெர்மனியில் நாடாளுமன்றத் தேர்தல். அதற்கு முந்தைய வாரங்களில் கட்சிப் பெயர்கள் வந்த ட்வீட்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் திரட்டி எண்ணிப் பார்த்தது ஓர் ஆய்வுக் குழு. ஒவ்வொரு கட்சியும் பேசப்பட்ட அளவு, அது வாங்கிய வாக்கு விகிதத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. 2010-இல் கட்டுரை வந்ததும், இனி கருத்துக்கணிப்பே வேண்டாமோ என்ற பேச்சு கிளம்பியது.

அப்புறம் வேறு சில ஆய்வாளர்கள் அதே வேலையைத் திரும்பச் செய்தார்கள். முதல் குழு நாடாளுமன்றத்தில் இருந்த 6 கட்சிகளை மட்டும்தான் எண்ணியிருந்தது. இவர்கள் இணைய இளைஞர்களின் பைரேட் கட்சியையும் சேர்த்தார்கள். ட்விட்டரில் அதுதான் முதலிடம்! உண்மையில் அது வாங்கியது 2 சதவீத வாக்கு. திரட்டும் தேதிகளை மாற்றினாலும் கணக்கு மாறியது.

முதல் தவறு இங்கேதான். தேடுசொற்களையும் தேதிகளையும் முன்கூட்டியே எழுதிவைக்காமல், முடிவு தெரிந்தபின் தேர்ந்தெடுத்தால் எதையும் நிரூபித்துவிடலாம்.

அடுத்தது, பதிவுகளை ஆட்களாக நினைப்பது. அமெரிக்காவில் ட்விட்டரில் இருக்கும் பெரியவர்களில் அதிகம் எழுதும் 10 சதவீதம் பேர்தான் 80 சதவீத ட்வீட்டுகளைப் போடுகிறார்கள் என்று 2019-இல் பியூ ஆய்வு மையம் சொன்னது. ஒரு கணக்குக்கு ஒரு குரல் என்று மாற்றி எண்ணிப் பாருங்கள். முடிவு புரண்டால், நீங்கள் அளந்தது சிலரின் சத்தத்தை. அப்படி எண்ணினாலும் எழுதாமல் படித்துவிட்டுப் போகிறவர்களும், அந்தப் பக்கமே வராதவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். வயது, ஊர் தெரியாததால், கருத்துக்கணிப்பில் செய்வதுபோல் குறைவாக வந்த பிரிவினருக்குக் கூடுதல் எடை போட்டுச் சரிசெய்யவும் வழியில்லை. ஆகவே அறிக்கையில் 'மக்கள்' என்று எழுதாதீர்கள். 'இந்தத் தேதிகளில், இந்தச் சொற்களோடு எழுதியவர்கள்' என்று எழுதுங்கள். படிக்க அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

மூன்றாவது நம் மொழிச் சிக்கல். அந்த ஜெர்மன் ஆய்விலேயே ட்வீட்டுகளை இயந்திரம் ஆங்கிலமாக்கிய பிறகுதான், சொற்களைப் பார்த்து உணர்வைக் குறிக்கும் மென்பொருள் கருவியால் அளந்தார்கள். தமிழில் இது இன்னும் மோசமாகும். 'நல்லா வெச்சு செஞ்சாங்க' என்பதில் 'நல்லா'வைப் பார்த்துப் பாராட்டு என்று குறிக்கும் கருவி, 'கொலமாஸ்' என்பதில் கொலையைப் பார்த்துத் திட்டு என்று குறிக்கும். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ் பெரும்பாலும் 'நடுநிலை' பெட்டியில் போய் விழும். நடுநிலை திடீரென்று பெருத்திருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

கருவியை ஓட்டுமுன் குத்துமதிப்பில்லாமல், குலுக்கல் முறையில் 300 பதிவுகளை எடுங்கள். இரண்டு பேர் ஒருவர் குறித்ததை மற்றவர் பார்க்காமல், ஒவ்வொன்றும் ஆதரவா, எதிர்ப்பா, நடுநிலையா என்று தனித்தனியாகக் குறிக்கட்டும். அவர்களுக்குள்ளேயே நூற்றுக்கு முப்பது இடத்தில் ஒத்துப்போகவில்லை என்றால், கருவி தரும் '62 சதவீதம் எதிர்ப்பு' என்ற எண்ணில் அந்த 2-க்கு எந்த அர்த்தமும் கிடையாது.